போனது ஒரு சேலை, வந்தது வேறு சேலை: ரிட்டர்னை மறுக்கச் சொல்லி எப்படி எழுதுவது?

கேள்வி: காஞ்சிபுரத்தில் வீட்டிலிருந்தபடி பட்டுச் சேலை விற்கிறேன். ஆன்லைன் விற்பனைத் தளம் ஒன்றின் வழியாக ஒரு கோர்வைச் சேலை போனது. மஜெந்தா உடல், பச்சைக் கரை, விலை 12,400 ரூபாய். எட்டு நாள் கழித்து, "தவறான பொருள் வந்தது" என்று காரணம் போட்டு ரிட்டர்ன் வந்தது. பிரித்துப் பார்த்தால் அதே நிறத்தில் வேறு சேலை. ஃபால்ஸ்கூட தைத்திருக்கிறது. சில்க் மார்க் அட்டை இல்லை. பிரிக்கும்போது வீடியோ எடுக்கவில்லை. பேக் செய்யும் முன் எடுத்த இரண்டு படங்கள் போனில் இருக்கின்றன. ஏமாற்றிவிட்டார்கள் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். "போதிய ஆதாரம் இல்லை" என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். இனி என்ன எழுதுவது?
— வாசகி, காஞ்சிபுரம்

பதில்: அந்த ஒரு வரியோடு விஷயம் முடிந்துவிடவில்லை. முதல் மறுப்புக்குப் பின் மேல்முறையீட்டுக்குப் பெரும்பாலான தளங்களில் இடம் உண்டு. ஆனால் அதே இரண்டு பக்கத்தை மறுபடி அனுப்பினால் அதே வரிதான் திரும்பி வரும். முதலில், வாங்கியவர் போட்ட காரணத்தைக் கவனியுங்கள். "பிடிக்கவில்லை" என்று அவர் போடவில்லை, "தவறான பொருள் வந்தது" என்று போட்டிருக்கிறார். அதாவது, இப்போது உங்கள் கையில் இருக்கும் சேலையைத்தான் நீங்கள் அனுப்பினீர்கள் என்பது அவர் தரப்பு. ஆகவே "வந்தது என் சேலை இல்லை" என்று நீங்கள் எவ்வளவு உரக்கச் சொன்னாலும், "ஆமாம், அதைத்தானே நானும் சொன்னேன்" என்று அவர் சொல்லிவிடலாம். கிளெய்மைப் பார்க்கும் ஊழியருக்கு இரண்டு பேர் சொல்வதும் ஒன்றுபோலவே தெரியும்.

அதனால் நீங்கள் காட்ட வேண்டியது இரண்டு. உங்கள் வீட்டிலிருந்து கிளம்பியது சரியான சேலைதான் என்பது முதலாவது. திரும்பி வந்தது அது அல்ல என்பது இரண்டாவது. உங்கள் முதல் கடிதம் இரண்டாவதை மட்டும்தான் சொல்லியிருக்கும் என்று நினைக்கிறேன். முதலாவதற்கு ஆதாரம் பெரும்பாலும் தளத்தின் பதிவுகளுக்குள்ளேயே இருக்கும். அதைத் தேடி எடுக்கச் சொல்வதுதான் இப்போது முக்கியம்.

எழுதுவதற்கு முன், கசப்பாக இருந்தாலும், ஒரு வேலையை முடித்துவிடுங்கள். உங்கள் இருப்பை எண்ணுங்கள். அன்று பேக் செய்தவர் கைமாற்றி வேறு சேலையை வைத்திருந்தால், மஜெந்தா-பச்சை கோர்வை கணக்கில் இருக்க வேண்டியதைவிட ஒன்று அதிகமாக அலமாரியில் இருக்கும், வேறு ரகத்தில் ஒன்று குறையும். கணக்கு சரியாக இருந்தால், எண்ணிய தேதியோடு அதைக் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். வந்த சேலையில் வேறு கடையின் பார்கோடு ஸ்டிக்கரோ விலைச் சீட்டோ ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். ரிட்டர்ன் கிடங்கில் இரண்டு விற்பனையாளர்களின் பார்சல் மாறிப்போவதும் நடக்கிற விஷயம்தான். ஃபால்ஸ் தைத்த சேலை என்பதால் இங்கே அதற்கு வாய்ப்பு குறைவு, ஆனாலும் பார்த்துவிடுங்கள்.

எடைதான் உங்கள் சாட்சி

திரும்பி வந்த சேலையைக் கவர், அட்டைப்பெட்டி, ரிட்டர்ன் லேபிள் எல்லாவற்றோடும் சேர்த்து எடை போடுங்கள். பிறகு சேலையை மட்டும் தனியே. கிராம் காட்டும் சமையலறைத் தராசே போதும். தராசின் எண்ணும் லேபிளில் உள்ள AWB எண்ணும், அதாவது கூரியரின் பார்சல் எண்ணும், ஒரே படத்தில் தெரிய வேண்டும். உதாரணத்துக்கு, அனுப்பியபோது பார்சல் 860 கிராம், திரும்பியது 590 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

உங்கள் லேபிளில் அச்சான 860 கிராம் பெரும்பாலும் நீங்களே தளத்தில் பதிந்த எண். அதை மட்டும் காட்டினால் அது உங்கள் வாய்ச்சொல் அளவுக்குத்தான் மதிப்புப் பெறும். பார்சலை எடுத்துப்போன கூரியர், தன் முதல் மையத்தில் அதை மறுபடி எடை போட்டுப் பார்க்கும். உங்களிடம் ஷிப்பிங் கட்டணம் பிடிப்பதற்கு அந்த எடைதான் அடிப்படை. அந்தப் பதிவில் உங்கள் கை படவில்லை, வாங்கியவர் கையும் படவில்லை. விற்பனையாளர் கணக்கில் ஷிப்பிங் கட்டண விவரத்தைத் திறந்து இந்த ஆர்டருக்கு எடை காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். காட்டாவிட்டால், முதல் மையத்தில் பதிவான எடையைச் சரிபார்க்கும்படி கடிதத்தில் கேளுங்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. கூரியர்காரர்கள் உண்மையான எடை, பெட்டியின் கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுவார்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பொதுவாக 5000-ஆல் வகுத்தால் வருவது கன அளவு எடை. உங்கள் பெட்டி 35 × 25 × 6 என்றால் பெருக்கல் 5,250, வகுத்தால் 1.05 கிலோ. கட்டண விவரத்தில் 1.05 என்று இருந்தால் அது பெட்டியின் அளவைச் சொல்கிறதே தவிர உள்ளே இருந்த சேலையைச் சொல்லவில்லை. அதை ஆதாரமாக நீட்டினால் எதிர்க்கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள். கேட்க வேண்டியது தராசில் பதிவான உண்மை எடை. கடிதத்திலும் அப்படியே எழுதுங்கள்.

பட்டு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் ஒரு சேலை சில பத்து கிராம் கூடலாம், வெயிலில் குறையலாம். ஆகவே 20, 30 கிராம் வித்தியாசத்தை வைத்து வாதாட வேண்டாம். 270 கிராம் என்பது ஈரத்தில் வந்து போகிற அளவு இல்லை. அதைவிட நல்ல வாதம் ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. நீங்கள் அனுப்பியது ஃபால்ஸ் தைக்காத சேலை, வந்தது ஃபால்ஸ் தைத்த சேலை. நீங்கள் அனுப்பிய அதே சேலையில்தான் ஃபால்ஸ் தைத்தார்கள் என்றால் எடை கூடியிருக்க வேண்டும். இங்கே குறைந்திருக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தைப் படிக்கிறவர் பட்டைப் பற்றி எதுவும் தெரியாதவராக இருந்தாலும் புரிந்துகொள்வார்.

துணியில் எதைப் படம் எடுப்பது

நிறம் ஒத்துப்போவதால், விரித்துப் போட்ட முழுச் சேலையின் படம் உங்களுக்கு எதிராகவே பேசும். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். கரையின் பின்பக்கத்தைக் காட்டுங்கள். கோர்வையில் உடலுக்கு ஒரு ஊடை, கரைக்கு வேறு ஊடை. அதனால் பச்சைக் கரை உள்ளும் புறமும் சுத்தப் பச்சையாக இருக்கும், இணையும் இடத்தில் பற்களைப் போலக் கோத்த கோடு தெரியும். கோர்வை இல்லாமல் நெய்ததில் உடலின் மஜெந்தா இழையே கரைக்குள்ளும் ஓடும். கிட்டத்தில் பார்த்தால் பச்சைக்கு நடுவே மஜெந்தா மினுங்கும். உங்கள் பழைய படத்தில் கரை தெரிந்தால் அதே அளவுக்குப் பெரிதாக்கி, புதிய படத்தோடு அருகருகே வையுங்கள். கரையில் உள்ள உருவங்களையும் எண்ணுங்கள். ஒரு முழத்துக்குள் எத்தனை அன்னம், எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை ஒப்பிடுவது, பட்டு தெரியாதவருக்கும் சுலபம்.

சில்க் மார்க் அட்டை ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. பேக் செய்யும் முன் எடுத்த படத்தில் அந்த எண் மங்கலாகத் தெரிந்தாலும் பெரிதாக்கிப் படித்து எழுதிவிடுங்கள். அட்டை இல்லை என்பது தனியாக நிற்கும் ஆதாரம் அல்ல. யார் வேண்டுமானாலும் அட்டையைக் கழற்றியிருக்கலாம். மற்றவற்றோடு சேர்ந்துதான் அது பலம் பெறும்.

இழையைப் பிடுங்கி எரித்துப் பார்க்கத் தோன்றும். பட்டு என்றால் முடி கருகும் வாசம், தொட்டால் பொடியும் சாம்பல். பாலியஸ்டர் என்றால் உருகிக் கெட்டியான மணி. நல்ல சோதனைதான், ஆனால் இந்தச் சேலையில் செய்யாதீர்கள். ஒரு இழை குறைந்தாலும் நீங்கள் ஆதாரத்தில் கை வைத்தீர்கள் என்று சொல்ல இடம் கொடுத்ததாகும். தேவைப்பட்டால் சில்க் மார்க் அமைப்பின் பரிசோதனை மையத்தில் கொடுத்து எழுத்தில் வாங்குங்கள். சேலையையும் அது வந்த கவரையும் வழக்கு முடியும்வரை அப்படியே வைத்திருங்கள். ஃபால்ஸைப் பிரிக்க வேண்டாம், அயர்ன் போட வேண்டாம்.

படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அங்கிருந்து இறக்கிப் பயன்படுத்தாதீர்கள். அது படத்தைச் சுருக்குவதோடு, எடுத்த தேதி, நேரம் போன்ற உள்விவரங்களையும் நீக்கிவிடும். போன் கேலரியில் இருக்கும் மூலக் கோப்பையே ஏற்றுங்கள்.

பிரிக்கும்போது வீடியோ எடுக்காதது பலவீனம்தான். பலர் இந்த இடத்தில் சேலையை மறுபடி கவரில் போட்டு, டேப் ஒட்டி, முதல்முறை பிரிப்பதுபோல வீடியோ எடுக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ரிட்டர்ன் டெலிவரியான நேரத்துக்கும் வீடியோ நேரத்துக்கும் உள்ள இடைவெளியும், பழைய டேப்பின் மேல் புது டேப்பும் காட்டிக்கொடுத்துவிடும். அதற்குப் பிறகு உங்கள் உண்மையான ஆதாரத்தையும் யாரும் நம்பமாட்டார்கள். வீடியோ இல்லை என்று நீங்களே எழுதுங்கள். டெலிவரியான நேரமும் முதல் படம் எடுத்த நேரமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அதுவே ஓரளவு ஈடுகட்டும்.

எதைக் கேட்பது

ரீஃபண்ட் நிலையைப் பாருங்கள். பணம் வாங்கியவருக்கு இன்னும் போகவில்லை என்றால், ரீஃபண்டை நிறுத்திவைத்து ரிட்டர்னை மறுக்கும்படி கேட்கலாம். பிக்கப் ஆன உடனே பணம் போய்விட்டது என்றால், வெறுமனே ரிட்டர்னை மறுக்கச் சொல்வதில் பலன் இல்லை. அப்போது நீங்கள் கேட்பது தளம் தர வேண்டிய ஈடு. தளத்துக்குத் தளம் இதற்குப் பெயர் வேறு. ஒன்றில் SAFE-T Claim, இன்னொன்றில் SPF. பொதுவான உதவிப் பெட்டியில் எழுதாமல் அந்தப் படிவத்தில்தான் எழுத வேண்டும். கெடு எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது, ரிட்டர்ன் கைக்கு வந்த நாளா, ரீஃபண்ட் ஆன நாளா என்பதையும் இன்றே பார்த்துவிடுங்கள்.

"திருடி", "மோசடிக்காரி" போன்ற சொற்கள் எதுவும் வேண்டாம். சேலை வாங்கியவர் வீட்டில் மாறியதா, கூரியர் வழியில் மாறியதா, கிடங்கில் மாறியதா என்று உங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. உங்கள் கையை விட்டுப் போனது திரும்பவில்லை என்பது நிலைத்தால் போதும். ஒருவரைக் குற்றம் சாட்டினால் அதையும் நீங்களே நிரூபிக்க வேண்டியதாகிவிடும். அதேபோல "எங்களிடம் ரிட்டர்ன் கிடையாது" என்றும் எழுதாதீர்கள். பழுதான பொருளையோ விவரித்ததற்கு மாறான பொருளையோ திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் விற்பவரைக் கட்டுப்படுத்துகின்றன. ரிட்டர்ன் செய்யும் உரிமையை நீங்கள் எதிர்க்கவில்லை. வேறு சேலையை ரிட்டர்னாகக் கணக்கில் ஏற்பதைத்தான் எதிர்க்கிறீர்கள்.

"வேறு பொருள்", "பயன்படுத்திய பொருள்" என்று இரண்டு காரணங்கள் படிவத்தில் இருக்கும். நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது "வேறு பொருள்". ஃபால்ஸ் தைத்திருப்பதைப் பார்த்துப் "பயன்படுத்திய பொருள்" என்று போட்டால், இது உங்கள் சேலைதான், கட்டிவிட்டுத் திருப்பினார்கள் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். எடை, கரை பற்றிய வாதம் எல்லாம் அதோடு போய்விடும்.

கடிதம் இப்படி இருக்கலாம். கோடிட்ட இடங்களையும் எண்களையும் உங்களுடையதை வைத்து நிரப்புங்கள்.

> பொருள்: ஆர்டர் எண் ____, ரிட்டர்ன் எண் ____. அனுப்பிய சேலைக்குப் பதில் வேறு சேலை திரும்பியுள்ளது. மறுபரிசீலனை கோரிக்கை, முந்தைய கிளெய்ம் எண் ____.
>
> வணக்கம். இந்த ரிட்டர்னை மறுத்து, எனக்குச் சேர வேண்டிய விற்பனைத் தொகையை ஈடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆர்டரின் விலை 12,400 ரூபாய்.
>
> நான் அனுப்பியது: கோர்வைப் பட்டுச் சேலை, ஃபால்ஸ் தைக்காதது, சில்க் மார்க் எண் ____. பேக் செய்யும் முன் எடுத்த படங்கள் 1, 2. பார்சலின் எடை 860 கிராம். திரும்பியது: ஃபால்ஸ் தைத்த, கோர்வை இல்லாத சேலை, சில்க் மார்க் அட்டை இல்லை. ரிட்டர்ன் லேபிளோடு பார்சலின் எடை 590 கிராம், படம் 3.
>
> தவறான பொருள் வந்ததாக வாங்கியவர் காரணம் குறித்துள்ளார். நான் 590 கிராம் பார்சலை அனுப்பியிருந்தால், கூரியரின் முதல் மையத்திலும் ஏறக்குறைய அதே எடை பதிவாகியிருக்க வேண்டும். போகும்போதும் திரும்பும்போதும் தராசில் பதிவான உண்மை எடையை, கன அளவு எடையை அல்ல, உங்கள் பதிவில் ஒப்பிட்டுப் பார்க்குமாறு வேண்டுகிறேன். AWB எண்கள்: போனது ____, வந்தது ____.
>
> ஃபால்ஸ் தைத்தால் சேலையின் எடை கூடும். இங்கே 270 கிராம் குறைந்துள்ளது. ஆகவே இது நான் அனுப்பிய சேலையில் ஃபால்ஸ் தைத்துத் திருப்பியது அல்ல. கரையின் ஒப்பீடு படம் 4-இல் உள்ளது. நான் அனுப்பியதில் கரை முழுதும் பச்சை, வந்ததில் கரைக்குள் உடலின் மஜெந்தா இழை ஓடுகிறது.
>
> பார்சல் ____ தேதி ____ மணிக்கு என்னிடம் வந்தது. பிரிக்கும்போது வீடியோ எடுக்கவில்லை. முதல் படம் அதே நாள் ____ மணிக்கு எடுத்தது. ____ தேதி இருப்பைச் சரிபார்த்தேன், இந்த ரகத்தில் கணக்குக்கு மேல் சேலை எதுவும் இல்லை. திரும்பிய சேலையும் கவரும் எந்த மாற்றமும் செய்யாமல் என்னிடம் உள்ளன. நீங்கள் கேட்டால் ஆய்வுக்கு அனுப்புகிறேன்.

தளம் ஆங்கிலத்தில்தான் ஏற்கும் என்றால் இதே வரிசையில், இதே அளவில் எழுதிக்கொள்ளுங்கள். கோரிக்கை முதல் வரியிலேயே இருப்பது முக்கியம். பார்ப்பவர் பாதியில் நிறுத்தினாலும் அது அவர் கண்ணில் பட்டிருக்கும். படங்களின் கோப்புப் பெயரிலும் 1, 2, 3, 4 என்றே வையுங்கள். அம்புக்குறி போட வேண்டுமென்றால் நகலில் போட்டு, மூலப் படத்தையும் கூடவே ஏற்றுங்கள்.

இதை முந்தைய கிளெய்மின் கீழேயே பதிலாக அனுப்புங்கள். புது டிக்கெட் திறந்தால், ஒரே ஆர்டருக்கு இரண்டாவது கிளெய்ம் என்று பார்க்காமலேயே மூடிவிட வாய்ப்புண்டு. மறுபடியும் மறுத்தால், எந்த ஆதாரம் போதவில்லை, முதல் மைய எடையைப் பார்த்தீர்களா என்று இரண்டே கேள்வி கேட்டு, மேல்நிலைக்கு அனுப்பச் சொல்லுங்கள். நுகர்வோர் நீதிமன்றத்தை நம்பியிருக்க வேண்டாம். வியாபாரத்துக்காகத் தளத்தைப் பயன்படுத்தும் விற்பனையாளரை நுகர்வோராகச் சட்டம் பொதுவாகக் கருதுவதில்லை. நீங்கள் ஏற்றுக்கொண்ட விற்பனையாளர் ஒப்பந்தத்தில் தகராறு பற்றிய பகுதிதான் அடுத்த வழி. பெரும்பாலும் நடுவர் தீர்ப்பாயம் என்று இருக்கும், அதற்கு ஆகும் செலவு ஒரு சேலையின் விலையைத் தாண்டிவிடக்கூடும். வாங்கியவருக்கு நேரடியாகப் போன் செய்வதும், அவர் பெயரை முகநூலில் போடுவதும் வேண்டாம். உங்கள் கணக்கே முடங்கிவிடலாம்.

வந்தது உங்கள் சேலையேதான், ஆனால் கட்டிவிட்டுத் திருப்பியிருக்கிறார்கள் என்ற நிலையில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே எடை உதவாது. கொசுவம் வரும் இடத்திலும் தோள்பட்டையிலும் ஊக்கு குத்திய துளைகள், கீழ்க்கரையில் ஃபால்ஸ் பிரித்த தையல் துளைகள், வெட்டிய ரவிக்கைத் துண்டு, முடிச்சுப் போட்ட குஞ்சம். சேலையைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துளைகள் வரிசையாகத் தெரியும், அப்படியே படம் எடுங்கள். வாசனையை எழுதிப் பயனில்லை, படத்தில் அது வராது.

அடுத்த சேலையை அனுப்பும்போது சில்க் மார்க் எண்ணைப் பில்லிலேயே எழுதிவிடுங்கள். முந்தியின் மூலையில், அறுத்தால்தான் கழற்ற முடிகிற எண்ணிட்ட பிளாஸ்டிக் சீல் ஒன்றைப் போட்டு, அந்த எண், தராசு, ஷிப்பிங் லேபிள் மூன்றும் தெரிய, நிறுத்தாமல் ஒரு நிமிட வீடியோ எடுங்கள். ரிட்டர்ன் வந்தால் கவரின் ஆறு பக்கமும் காட்டி, தராசில் வைத்து, அதே ஓட்டத்தில் பிரியுங்கள். கவர் கிழிந்தோ டேப் மாறியோ இருந்தால், கொண்டுவந்தவர் நிற்கும்போதே படம் எடுத்து, கையெழுத்து வாங்கும் சீட்டில் அதை எழுதிவிட்டுப் பிறகு வாங்குங்கள்.